புழுவெட்டுக்கு ஜேக் மாத்திரை: இரத்தப் பரிசோதனை எதற்கு?

தோல்நோய் மருந்துகளைக் கையாளும் மருந்தாளுநர் என்ற முறையில் இக்கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். யாருக்கு இந்த மாத்திரை பொருந்தும் என்பதை உங்களை நேரில் பார்க்கும் தோல் மருத்துவரே முடிவு செய்வார். அவர் ஏன் மாத்திரைக்கு முன்பே அத்தனை குழாய் இரத்தம் எடுக்கச் சொல்கிறார் என்பதை மட்டும் என்னால் விளக்க முடியும்.

ஈசூன் வாசகர்: இந்த மாத்திரை முடியை வளர்க்கிறதா, நோயை நிறுத்துகிறதா? மினாக்ஸிடில் போலத்தானே இதுவும்?

நோயை அடக்கிவைக்கிறது, முடி தானாக வளர்கிறது. முடியின் வேர்க்குமிழ் சாதாரணமாக நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் இடம். புழுவெட்டில் அந்த மறைவு கலைந்துபோக, டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் குமிழைச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் அதைக் காணும் மருத்துவர்கள் தேனீக் கூட்டம் என்றே வருணிப்பார்கள். அந்த டி செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞையை வெளியிடுகின்றன. அதைப் பெற்ற முடிக்குமிழ் அணுக்களோ இன்டர்லூக்கின் 15 என்ற இன்னொரு சமிக்ஞையை வெளியிட்டு, தம்மைத் தாக்குபவர்களுக்கே தீனி போடுகின்றன. இரண்டு சமிக்ஞைகளும் அணுவின் வாசலில் வந்து நின்றால் போதாது, அவற்றை உள்ளே எடுத்துச் செல்ல ஜேக் எனப்படும் நொதிகள் வேண்டும். ஜேக் மாத்திரைகளில் ஒன்றான பாரிசிட்டினிப், அந்நொதிகளில் ஜேக் 1, ஜேக் 2 இரண்டையும் தடுக்கிறது. இன்னொரு மாத்திரையான ரிட்லிசிட்டினிப் ஜேக் 3ஐத் தடுக்கிறது. செய்தி உள்ளே போகாததால் சண்டை ஓய்கிறது.

முடியை மீண்டும் உருவாக்கும் மூல அணுக்கள் குமிழுக்குச் சற்று மேலே இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவேதான் பல ஆண்டுகள் வெறுமையாக இருந்த தலையிலும் முடி திரும்ப வாய்ப்பு இருக்கிறது. ஆயினும் எட்டு ஆண்டுகளைத் தாண்டிய முழு வழுக்கையில் அந்த வாய்ப்பு குறைகிறது. மினாக்ஸிடில் இந்தச் சண்டையில் தலையிடுவதே இல்லை; சில மருத்துவர்கள் துணைக்குச் சேர்ப்பதுண்டு, அவ்வளவே.

காமா இன்டர்ஃபெரான் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மீண்டும் வரும்.

தெம்பனிஸ் நண்பர்: எனக்கு நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, அப்பாவுக்கும் அப்படித்தான். இந்த மாத்திரை கேட்டுப் பார்க்கலாமா?

உங்களுடையது பரம்பரை வழுக்கை. அதற்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பில்லை.

பொங்கோல் தாயார்: மகளுக்கு 14 வயது, புருவமும் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களா?

ரிட்லிசிட்டினிப் 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் 12 வயதிலிருந்தே அனுமதி பெற்றது. பாரிசிட்டினிப் 2022இல் அங்கே புழுவெட்டுக்கு அனுமதி பெற்றபோது அது பெரியவர்களுக்கு மட்டுமே. மற்றவை பிள்ளைகளுக்கான தோல் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. ஒன்றை மட்டும் இப்போதே செய்யுங்கள்: தடுப்பூசிப் பதிவை எடுத்துச் செல்லுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால் அவற்றை மாத்திரை தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும், பின்பு போட முடியாது.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: இருமல்கூட இல்லை. இரத்தச் சோதனையில் காசநோய் பாசிட்டிவ் என்கிறார்கள். எனக்கு இனி மாத்திரை கிடையாதா?

கிடைக்கும், ஆனால் வரிசை மாறும். உங்கள் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் அந்தத் தாளின் பொருள். நீங்கள் நோயாளி என்பதன்று. அக்கிருமியை நுரையீரலில் அடைத்து வைத்திருக்கும் காவலுக்கு ஆணை கொடுப்பதும் அதே காமா இன்டர்ஃபெரான்தான். முடியைக் காப்பாற்ற அதன் குரலை அடக்கினால், காவலும் தளரக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுக்கு எடுத்த அந்தச் சோதனை, டி செல்கள் எவ்வளவு காமா இன்டர்ஃபெரான் விடுகின்றன என்பதையே அளக்கிறது. மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் பிறகு சோதித்தால் விடையின் நம்பகம் குறையக்கூடும். முதலில் சோதனை, பிறகு மாத்திரை என்று மருத்துவர்கள் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். வயது 36. தலையில் எவ்வளவு பரப்பு வெறுமையாக இருக்கிறது என்று கணக்கிடும் சால்ட் மதிப்பெண் அவருக்கு 80. ஐம்பதும் அதற்கு மேலும் கடுமையான நோயாகக் கருதப்படும். காசநோய்ச் சோதனை பாசிட்டிவ், மார்பு எக்ஸ்ரே சுத்தம். உறங்கும் கிருமியை ஒழிக்கும் காசநோய் மருந்தான ஐசோனியசிட் தினமும் 300 மில்லிகிராம் தொடங்கி, ஒரு மாதம் கழித்தே பாரிசிட்டினிப் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். மற்றொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஏன் கொடுக்கவில்லை என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. பாரிசிட்டினிப்புக்கு அது பெரிய தடை இல்லை. ஆனால் பின்னால் ரிட்லிசிட்டினிப்புக்கு மாற நேர்ந்தால், ரிஃபாம்பிசின் அம்மருந்தைக் கல்லீரல் விரைவாக அழித்துவிடும்படி செய்யும். மருத்துவர் அந்த வழியைத் திறந்து வைக்க விரும்பினார்.

எட்டாவது வாரத்தில் கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 34இலிருந்து 78க்கு ஏறியது. இங்கேதான் சிக்கல்: ஐசோனியசிட்டும் அதை ஏற்றும், பாரிசிட்டினிப்பும் ஏற்றும், அவர் சொல்லாமல் குடித்துவந்த மூலிகைக் கஷாயமும் ஏற்றும். உயர்ந்த அளவு வழக்கமான மேல் எல்லையின் மூன்று மடங்குக்குக் கீழேயே இருந்தது. குமட்டல், மஞ்சள் காமாலை, கறுத்த சிறுநீர் எதுவும் இல்லை. எனவே மாத்திரைகளைத் தொடர்ந்து, கஷாயத்தையும் மதுவையும் நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்தார்கள். நான்காம் மாதத்துக்குள் 40க்கு வந்துவிட்டது. மூன்றில் எது குற்றவாளி என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது. கல்லீரல் ஐசோனியசிட்டுக்குப் பழகிக்கொள்வதும் உண்டு.

முடியைப் பொறுத்தவரை, நான்காம் மாதத்தில் புருவம் எட்டிப் பார்த்தது. 36ஆம் வாரம் சால்ட் 30, ஓராண்டில் 15. பாரிசிட்டினிப்பின் இரண்டு பெரிய ஆய்வுகளிலும் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 36 முதல் 39 பேர் 36 வாரத்தில் சால்ட் 20 அல்லது அதற்குக் கீழே வந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் மூன்று முதல் ஆறு பேர். இவர் அந்தக் கணக்கில் தோற்றவர் பட்டியலில் சேர்ந்திருப்பார். ஆகவே ஒன்பது மாதத்தில் கைவிடுவது சில சமயம் அவசரமாகிவிடும்.

லிட்டில் இந்தியா வாசகி: சின்ன வெங்காயம் தேய்த்து என் தம்பிக்குச் சரியானது. இதைச் சொன்னால் ஏன் யாரும் கேட்பதில்லை?

ஒரு நாணய அளவுப் புழுவெட்டு பெரும்பாலும் தானே ஆறிவிடும். புகழை வெங்காயம் வாங்கிக்கொள்கிறது. தலை முழுதும் போனவருக்கு இந்த அறிவுரை உதவாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: பெட்டியில் கட்டம் போட்டு எழுதிய மாரடைப்பு, புற்றுநோய் எச்சரிக்கையெல்லாம் மூட்டுவாதக் கிழவர்களுக்கு. நமக்குப் பொருந்தாது. மச்சான் சென்னையிலிருந்து மலிவாக அனுப்புகிறார், சாப்பிட்டுக்கொள்ளலாம்தானே?

நீங்கள் பாதி சரி. அந்த எச்சரிக்கையின் வேர், இதே குடும்பத்து ஜேக் மாத்திரையான டோஃபாசிட்டினிப் பற்றிய ஓர் ஆய்வு. அதில் சேர்ந்தோர் 50 வயதைத் தாண்டிய, குறைந்தது ஓர் இதய ஆபத்துக் காரணியாவது உள்ள முடக்குவாத நோயாளிகள். பெரிய இதய நிகழ்வுகள் டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களில் 3.4 சதவீதம், ஒப்பீட்டு மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதம். முப்பது வயதில் புகைக்காத ஒருவருக்கு இதை அப்படியே நகல் எடுத்து ஒட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வயது என்ன, புகைப்பீர்களா, குடும்பத்தில் இரத்தக்கட்டி உண்டா என்று நீங்கள் எழுதவே இல்லை. பொருந்தாது என்பதைக் கண்டறியவே அந்தக் கேள்விகள் இருக்கின்றன.

பிடோக் வாசகி: முடக்குவாதத்துக்கு நான்கு ஆண்டுகளாக பாரிசிட்டினிப் சாப்பிடுகிறேன், எனக்கு 58. நீங்கள் சொன்ன ஆய்வில் ஒப்பிட்ட மருந்து, டி.என்.எஃப். என்ற அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் ஊசி. அதுவே இதயத்தைக் காத்திருந்தால், மாத்திரை தீங்கு செய்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

நீங்கள் என்னைவிடக் கூர்மையாக வாசித்திருக்கிறீர்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிடவில்லை என்பதால், வித்தியாசம் ஒரு பக்கத்தின் தீமையா, மறு பக்கத்தின் நன்மையா என்பதை அந்த ஆய்வால் மட்டும் பிரிக்க முடியாது. ஆனால் புற்றுநோயிலும் அதே திசையில் வித்தியாசம் இருந்தது, 4.2க்கு எதிராக 2.9 சதவீதம், எனவே முழுதாக ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. இதைப் பற்றி மருத்துவர்களே ஒரே கருத்தில் இல்லை.

உட்லண்ட்ஸ் வாசகர்: அப்படியானால் நான் சொன்னது சரிதானே!

இல்லை. உங்கள் மச்சான் அனுப்புவது மாத்திரை மட்டுந்தான். காசநோய்ச் சோதனை, ஹெபடைட்டிஸ் பி சோதனை, வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் ஆகியவற்றை அவர் அஞ்சலில் அனுப்ப முடியாது. சிறுநீரக வேகம் குறைந்தவருக்கு பாரிசிட்டினிப்பின் அளவைப் பாதியாக்க வேண்டும். லிம்போசைட் என்ற வெள்ளை அணு 500க்குக் கீழே இருந்தால் தொடங்கவே கூடாது. இவற்றை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

செங்காங் வாசகர்: மூன்றாம் மாதச் சோதனையில் எல்.டி.எல். 3.0இலிருந்து 3.8 ஆகிவிட்டது, தசை நொதி சி.கே.யும் சிவப்பு எழுத்தில். இதயம் கெட்டுவிட்டதா?

எல்.டி.எல். ஏறுவது இம்மருந்தில் எதிர்பார்த்ததே. அதைப் பிடிக்கத்தான் பன்னிரண்டாம் வாரம் வாக்கில் மீண்டும் சோதிக்கிறார்கள். அதற்கு மருந்து தேவையா என்பது உங்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் தெரியும். சி.கே. விஷயத்தில், இரத்தம் கொடுப்பதற்கு முதல் நாள் ஜிம்மில் எடை தூக்கினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் ஓய்வுக்குப் பின் மறுபடி எடுத்தால் பாதிச் சிவப்பு எழுத்துகள் மறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தசை வலியோ கறுத்த சிறுநீரோ இருந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன்: முடி கொட்டுகிற எல்லோரும் பயோட்டின் மாத்திரை விழுங்குகிறீர்கள். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வுக்கூடக் கருவிகளில் தைராய்டு, இதய டிரோபோனின் போன்ற அளவுகளைப் பொய்யாகக் காட்டும். இரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள்.

சுவா சூ காங் வாசகி: முடி நன்றாக வளர்ந்துவிட்டால் நிறுத்திவிடலாமா?

இன்று இதே கேள்வி ஐந்தாவது முறை வருகிறது. முதல் பதிலைப் படித்திருந்தால் விடை அங்கேயே இருக்கிறது: மாத்திரை செய்தியைத் தடுக்கிறது, செய்தி அனுப்புபவரை அழிப்பதில்லை. ஆய்வில் முடி வளர்ந்தபின் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வளர்ந்த முடியை மீண்டும் இழந்தார்கள். 4 மில்லிகிராமிலிருந்து 2க்குக் குறைத்துப் பார்ப்பதுண்டு. சிலருக்கு நிற்கிறது, சிலருக்குச் சில மாதங்களில் தலையணையில் முடி தெரியத் தொடங்குகிறது. நீங்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால் அது வேறு கணக்கு. மாத்திரையை நீங்களே நிறுத்தாமல், அந்த மாதத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, எப்போது நிறுத்துவது என்று அவரோடு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.