ஷவர் கண்ணாடிக்கு வெளியே தண்ணீர்: சிலிக்கான் பூசியும் நிற்காதது ஏன்?

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டு நாலு வருஷம் ஆகிறது. ஆறு மாதமாக, யார் குளித்தாலும் கதவுப் பக்கத்து மூலையில் வெளியே தண்ணீர் தேங்குகிறது. கண்ணாடிக்காரர் இரண்டு முறை வந்து அந்த மூலையில் சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கதவுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையும் மஞ்சளாகி விறைத்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: கண்ணாடியை மாற்ற வேண்டாம். பழைய சிலிக்கானையும் கதவுப் பட்டையையும் மாற்றினால் பெரும்பாலும் போதும். ஆனால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்காமல் டியூபைக் கையில் எடுக்காதீர்கள். அது தெரியும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

போன வருஷம் நான் பார்த்த ஒரு வீட்டிலும் உங்களுடையதைப் போலவே கதவோர மூலையில்தான் ஈரம். மூன்று முறை பூசியிருந்தார்கள். உண்மையான ஓட்டை அங்கே இல்லை. நிலையான கண்ணாடி சுவரைத் தொடும் மறு முனையில், உள்பக்கம், சிலிக்கான் டைல்ஸிலிருந்து மயிரிழை அளவு விட்டிருந்தது. அதன் வழியே நுழைந்த தண்ணீர், கண்ணாடிக்கும் கீழே உள்ள கிரானைட் படிக்கும் நடுவே இருந்த சந்தில் இரண்டடிக்கு மேல் ஓடி, படி தாழ்ந்திருந்த கதவுப் பக்கம் வெளியே வந்தது. வெளியே வரும் வாயை அடைக்க அடைக்க, உள்ளே தேங்கிய தண்ணீர் புதுப் பூச்சைப் பின்னாலிருந்தே பெயர்த்துவிட்டது.

அதனால் முதலில் சோதனை. ஒரு நாள் முழுக்க அந்த ஷவரைப் பயன்படுத்தாதீர்கள். அப்போதும் வெளியே ஈரம் வந்தால் கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். குழாயிலோ தரையிலோ கசிவு இருக்கலாம், அதற்குப் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். உலர்ந்தே இருந்தால், வெளிப்பக்கம் கண்ணாடியின் நீளத்துக்குச் செய்தித்தாளை விரித்து வையுங்கள். பிறகு கைஷவரால் ஒவ்வோர் இடமாக, ஐந்து நிமிடம் இடைவெளி விட்டுத் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து மேலே போவதுதான் முறை: முதலில் நிலையான கண்ணாடியின் அடி, அடுத்து அது சுவரைத் தொடும் நெடுக்குக் கோடு, கடைசியில் கதவு. மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. எந்தக் கட்டத்தில் தாள் நனைகிறதோ, அங்கேதான் வேலை.

சிலிக்கான்தான் காரணம் என்றால், பழையதின் மேல் புதியதைப் பூசுவதில் பயனே இல்லை. ஆறிய சிலிக்கானின் மேல் புது சிலிக்கான் சரியாக ஒட்டாது. உங்கள் கண்ணாடிக்காரர் செய்தது அதுவாகத்தான் இருக்கும். பழையதை பிளேடால் இரு ஓரமும் அறுத்து, முழுசாக உரித்தெடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 8 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ எடை. இரண்டு மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம் என்றால் 30 கிலோ. உங்கள் கண்ணாடியை கிளாம்போ அலுமினியச் சேனலோ பிடித்திருந்தால் கவலையில்லை. வெறும் சிலிக்கானை நம்பித்தான் அது நிற்கிறது என்றால், இரு பக்கப் பூச்சையும் ஒரே நேரத்தில் அறுக்கவே கூடாது. ஒரு பக்கம் முடித்து, அது இறுகிய பிறகே மறு பக்கம். அந்த வேலையை ஆள் வைத்துச் செய்வது நல்லது. டஃபன்ட் கண்ணாடியின் ஓரத்திலும் முனையிலும் இரும்புக் கருவி இடித்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உரித்த பிறகு அந்த இடத்தில் போர்த் தண்ணீரின் வெள்ளை உப்பு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். சந்துக்குள் ஈரம் இருந்தால் எந்த விலையுள்ள சிலிக்கானும் பிடிக்காது.

கடையில் கேட்கும்போது 'நியூட்ரல்' வகை, பூஞ்சை பிடிக்காத 'சானிட்டரி' ரகம் என்று சொல்லிக் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண வகை கண்ணாடிக்கு நன்றாக ஒட்டும், கல்லுக்கு ஆகாது. மார்பிளாக இருந்தால் அரித்துவிடும்.

பூச வேண்டிய கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டியூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பூசுங்கள். விரலால் ஒரு தடவை அழுத்தி இழுத்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். கண்ணாடி நேரடியாகக் கல்லின் மேல் நிற்கிறது என்றால் உள்பக்கப் பூச்சுதான் முக்கியம், சுவர் மூலையில் இடைவெளி விடாமல் திரும்ப வேண்டும். அலுமினியச் சேனலுக்குள் நிற்கிறது என்றால் நேர்மாறு: அடியில் வெளிப்பக்கம் மட்டும் பூசுங்கள். சேனலுக்குள் போகும் தண்ணீர் உள்ளேயே திரும்பி வடிய வழி வேண்டும்.

மேல்தோல் கால் மணி நேரத்தில் இறுகிவிடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். இரண்டு நாளாவது அங்கே குளிக்க வேண்டாம்.

இனி கதவு. அடிப்பட்டை விறைத்துவிட்டது என்கிறீர்களே, அதை எப்படியும் மாற்றியாக வேண்டும். பழைய பட்டையில் ஒரு துண்டு வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்றது (6, 8, 10 என்று தனித்தனியாக வரும்) கிடைக்காவிட்டால் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கும். பட்டையில் இரண்டு நாக்குகள் இருக்கும். ஒன்று நேராகக் கீழே, மற்றது சாய்வாக. சாய்ந்த நாக்கு ஷவர் பக்கம் பார்க்க வேண்டும். கதவில் வழியும் தண்ணீரை உள்ளே தள்ளிவிடுவது அதுதான். தலைகீழாக மாட்டி, தண்ணீரைப் பொறுப்பாக வெளியே ஊற்றும் பட்டைகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பசை எதுவும் வேண்டாம், அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும் முன் கதவை மூடி அடியிலுள்ள சந்தைப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் குறுகியும் கீல் பக்கம் அகன்றும் இருந்தால் கதவு தொங்கிவிட்டது. கீலைத் தளர்த்தித் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் பட்டை.

கடைசியாக, கதவுக்கு நேர் கீழே படியின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். அது வெளிப்பக்கம் ஓடினால் கட்டும்போதே சரிவு தப்பிவிட்டது. புதுப் பட்டை பாதி வேலைதான் செய்யும். படியை உடைக்க மனமில்லை என்றால், அரைவட்ட அக்ரிலிக் பட்டை ஒன்றைக் கதவின் கோட்டில் சிலிக்கானால் ஒட்டி, கதவின் நாக்கு அதை லேசாக உரசும்படி வைக்கலாம். பட்டைக்கு உள்பக்கமே தண்ணீர் நின்றுவிடும். தடுக்கிவிடும் அளவு உயரமாக வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் போதும்.