எழுதினால் அழகு, வாசித்தால் இடறல்: உரையை வாய்விட்டுப் படித்துத் திருத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் மேலாளர் அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழாவில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். எழுதி முடித்து நாலு பேரிடம் காட்டினேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒத்திகையில் வாய்விட்டுப் படித்தால் நாக்கு குழறுகிறது, மூச்சு முட்டுகிறது. இன்னும் பயிற்சி செய்ய வேண்டுமா, அல்லது எழுதியதை மாற்ற வேண்டுமா? எதை மாற்றுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிக்கலான ஒரு பத்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பெரும்பாலும் மாற்ற வேண்டியது எழுத்தைத்தான். அந்த நாலு பேரும் உங்கள் உரையைக் கண்ணால் படித்தார்கள். கண்ணுக்கு மூச்சு வாங்காது, நாக்கு மடங்காது. பிடிக்காத இடத்தில் திரும்பிப் போய் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளும் வசதியும் அதற்கு உண்டு. கேட்பவருக்கு அது கிடையாது.

ஒத்திகையில் முதல் வாசிப்பு திருத்துவதற்கு அல்ல, கண்டுபிடிப்பதற்கு. உரையைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு இரண்டு படி அச்சிடுங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று எதிரே பென்சிலோடு உட்காரும் நண்பருக்கு. ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துவிட்டு, பிறகு நீங்களே படியை வைத்துக்கொண்டு கேளுங்கள். எழுந்து நின்று, கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில் படியுங்கள். முணுமுணுத்துப் படித்தால் மூச்சு அதிகம் செலவாகாது. நீளமான வாக்கியம்கூட நல்ல வாக்கியம் போலத் தோன்றி ஏமாற்றிவிடும். எங்கே தடுக்கினாலும் நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள்.

நண்பர் மூன்று விதமாகக் குறிக்க வேண்டும். நாக்கு தடுக்கிய சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். வாக்கியத்தின் நடுவே, நிற்கக் கூடாத இடத்தில் நீங்கள் மூச்சு வாங்கினால் ஒரு சாய்கோடு. தாளில் ஒன்று இருக்க, வாய் வேறொன்றைச் சொன்னால் அடியில் ஒரு கோடு, பக்கத்தில் வாய் சொன்ன சொல். இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மதிப்பானது. அது உங்களுக்கே தெரியாமல் நடக்கும், அதனால்தான் இன்னொருவரோ ஒலிப்பதிவோ தேவைப்படுகிறது. ‘இல்லங்களுக்கே சென்று’ என்று எழுதியிருப்பீர்கள், வாய் ‘வீட்டுக்கே போய்’ என்று படித்துவிட்டுப் போய்விடும். தவறாகப் படித்துவிட்டோமே என்று பலர் வருத்தப்படுவார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. அந்த இடத்தைப் பேசுவதற்கு ஏற்றபடி உங்கள் வாய் ஏற்கெனவே திருத்திக் கொடுத்துவிட்டது. பொருள் மாறவில்லை என்றால் வாய் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் அனுப்பிய பத்திக்கு வருவோம்.

> தொழிலாளர்களின் குழந்தைகளுக்கான கல்வி உதவித்தொகை வழங்கும் வழிமுறைகளை எளிமையாக்கி, எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க இயலாதவர்களின் இல்லங்களுக்கே சென்று வழிகாட்டிய இவரது உழைப்பின் விளைவாக 2019ஆம் ஆண்டில் மட்டும் 1,247 குழந்தைகள் பயனடைந்தனர்.

நான் இதை மூன்று முறை உரக்கப் படித்துப் பார்த்தேன். மூன்று முறையும் ‘வழங்கும் வழிமுறைகளை எளிமையாக்கி, எழுத்துப்பூர்வமாக’ என்ற இடத்தில்தான் இடறினேன். ஒரு முறை தடுக்குவது தற்செயலாக இருக்கலாம். மூன்று முறையும் அதே இடம் என்றால் கோளாறு வாக்கியத்தில்.

காரணம் நாக்கின் வேலையில் இருக்கிறது. ‘ல’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடுகிறது. ‘ள’ சொல்ல அது பின்னால் மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும். ‘ழ’ சொல்லவும் மடங்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது. ‘தொழிலாளர்களின்’ என்ற ஒரே சொல்லில் ழ, ல, ள, ர், மறுபடி ள என்று நாக்கு மடங்கி, முன்னால் வந்து, திரும்ப மடங்கி ஓடுகிறது. அந்தச் சொல் தனியாக வந்தால் பாதகமில்லை, தினமும் சொல்கிற சொல்தான். அதற்குப் பின்னால் ‘வழங்கும்’, ‘வழிமுறைகளை’, ‘எளிமை’, ‘எழுத்து’ என்று வரிசையாக நின்றால் நாக்குக்கு இளைப்பாற இடமே இல்லை. ‘வாழைப்பழத் தோல் வழுக்கிக் கிழவன் கீழே விழுந்தான்’ என்று சிறுவர்கள் விளையாட்டுக்குச் சொல்வதும் இதே சூத்திரம்தான். அங்கே இடறினால் சிரிப்பு, மேடையில் இடறினால் வியர்வை.

தடுக்கிய சொல்லின் மேலேயே பழியைப் போட்டுவிடக் கூடாது. உரக்கப் படிக்கும்போது கண் எப்போதும் வாயைவிட ஓரிரு சொல் முன்னால் ஓடும். வாய் ‘எளிமையாக்கி’யில் இருக்கும்போது கண் ‘எழுத்துப்பூர்வமாக’வைப் பார்த்து மிரண்டிருக்கும், இடறல் ‘எளிமை’யில் விழும். அதனால் வட்டமிட்ட சொல்லோடு அடுத்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பாருங்கள்.

சில சமயம் குற்றம் தாளுடையது. நீண்ட சொல் வரியின் ஓரத்தில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் எவருக்கும் நாக்கு தடுக்கும். சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தை மட்டும் தனித் தாளில் உடையாமல் எழுதிப் படியுங்கள். இப்போது சரளமாக வந்தால் வாக்கியத்தை விட்டுவிட்டு வரியை மாற்றுங்கள். பக்கம் முடியும் இடத்தையும் கவனியுங்கள். நான் ஒரு விழாவில் ‘இவரோடு வேலை பார்த்த நாட்களை நான் மறக்க’ என்று படித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியாமல் தாள்கள் ஒட்டிக்கொண்டு தவித்தேன். ‘முடியாது’ வருவதற்குள் கூட்டம் சிரித்து முடித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் முற்றுப்புள்ளியில்தான் முடிக்கிறேன்.

அடுத்தது மூச்சு. உங்கள் பத்தி முழுக்க ஒரே வாக்கியம், 22 சொற்கள். யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதே 14ஆவது சொல்லான ‘இவரது’ வரும்போதுதான் தெரிகிறது. வினைமுற்று கடைசிச் சொல். தமிழில் வினை கடைசியில் வருவது இயல்புதான். ஆனால் ‘ஆக்கி’, ‘சென்று’, ‘வழிகாட்டிய’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், கேட்பவர் அத்தனையையும் கையில் ஏந்திக்கொண்டு வாக்கியம் முடியக் காத்திருக்க வேண்டும். பேசுகிறவருக்கோ நடுவில் மூச்சு விட நல்ல இடம் கிடைக்காது. உரத்த குரலில் ஒரே மூச்சில் பத்துச் சொல் வரை எனக்கு நிம்மதியாக வரும், அதற்கு மேல் போனால் வாக்கியத்தின் வால் அமுங்கிவிடும். உங்கள் அளவு கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். நண்பர் போட்ட சாய்கோடுகளுக்கு இடையே உள்ள சொற்களை எண்ணினால் அது தெரிந்துவிடும்.

எண்கள் தாளில் சின்னதாகத் தெரியும், வாயில் பெரிதாகும். ‘1,247’ தாளில் ஒரு சொல்தான். வாயில் அது ‘ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு’. அதற்கு மூன்று சொல் முன்னால்தான் ‘இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம்’ என்று ஆண்டைச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு எண்களும் மோதுகின்றன, கேட்பவர் மனதில் ஒன்றும் நிற்காது. துல்லியமான எண் அறிக்கைக்குத் தேவை, விழாவில் ‘ஆயிரத்து இருநூறுக்கு மேல்’ போதும். எண், சதவீதக் குறி, சுருக்கெழுத்து எல்லாவற்றையும் வாசிக்கும் படியில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுத்தில் எழுதிவிடுங்கள்.

இவற்றைக் கொண்டு முதலில் இப்படி மாற்றினேன்.

> நம் ஊழியர்களின் பிள்ளைகள் படிக்க உதவித்தொகை உண்டு. அதைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. இவர் அந்த நடைமுறையைச் சுலபமாக்கினார். மனு எழுதத் தெரியாதவர்களின் வீட்டுக்கே போனார். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

நாக்கு தடுக்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. ஆனால் உரக்கப் படித்தபோது வேறொரு தொல்லை காதில் விழுந்தது. ‘ஆக்கினார், போனார், கொடுத்தார்’ என்று மூன்று வாக்கியங்களும் ஒரே நீளத்தில், ஒரே ஓசையில் முடிகின்றன. பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கிறது. நீண்ட வாக்கியத்தை வெட்டுகிற எல்லோரும் விழும் குழி இது. வினை கடைசியில் வரும் மொழியில், ஒருவரைப் புகழும் உரையில், ‘ஆர்’ என்ற முடிவு அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும். தாளில் இது தெரியாது, காதுக்குத்தான் தெரியும். தீர்வு எளிது. ஓரிடத்தில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க வேண்டும், ஓரிடத்தில் முடிவை மாற்ற வேண்டும்.

> நம் ஊழியர்களின் பிள்ளைகள் படிக்க உதவித்தொகை உண்டு. அதைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தப் பாட்டைக் குறைத்தவர் இவர். மனு எழுதத் தெரியாதவர்களின் வீட்டுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மட்டும் அந்த உதவியில் படித்த பிள்ளைகள், ஆயிரத்து இருநூறுக்கு மேல்.

கடைசி வாக்கியத்தில் ஆண்டு தொடக்கத்துக்கும் எண்ணிக்கை முடிவுக்கும் போய்விட்டன. எண்ணிக்கையில் வாக்கியம் நிற்பதால் அங்கே ஒரு கணம் அமைதி கிடைக்கும், கைதட்டுவதற்கும் இடம் உண்டு. ‘தொழிலாளர்’ என்ற சொல்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியிருந்த கூட்டம் கலைந்துவிட்டதால் இப்போது தனியாக நிற்கும், தடுக்காது.

மாற்றவே முடியாத சொற்களும் இருக்கும். ஆட்களின் பெயர், துறையின் பெயர், விருதின் பெயர் இப்படி. அவற்றை வாக்கியத்தின் நடுவே புதைக்காமல் தொடக்கத்தில் வையுங்கள், அல்லது அதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் கொடுங்கள். அதே ஓசையுள்ள சொற்களை அக்கம்பக்கத்திலிருந்து அகற்றுங்கள். அப்புறம் அந்தப் பெயரை மட்டும் பத்து முறை மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். நீங்கள் கேட்ட பயிற்சி உண்மையில் உதவுவது இங்கேதான்.

மற்ற இடங்களில் பயிற்சி ஏமாற்றவும் செய்யும். ஐந்தாறு முறை படித்ததும் மோசமான வாக்கியமும் வாய்க்குப் பழகிவிடும், குறை தீர்ந்தது போலத் தோன்றும். மேடையில் படபடப்பு வந்ததும் பழக்கம் நழுவி, பழைய இடத்திலேயே இடறும். அதனால் திருத்திய படியை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே நிறுத்தி, எங்கே ஏற்ற வேண்டும் என்ற இரகசியம் உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தவறான இடத்தில் நிறுத்தினால் அங்கே ஒரு காற்புள்ளி குறைகிறது, அல்லது சொற்களின் வரிசை சரியில்லை. ஆனால் அவர் ழகரத்தை ளகரமாக உச்சரித்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது உரையின் குறை அல்ல.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கிறது. முதல் இரண்டு நாளில் கண்டுபிடித்துத் திருத்துங்கள், மூன்றாம் நாள் புதியவரைப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி நாள் சொல்லை மாற்றாதீர்கள். மாற்றினால் மேடையில் கண் புதிய சொல்லைப் பார்க்கும், வாய் பழையதைச் சொல்லும், இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வெளியே வரும். அன்று கையில் பென்சில் இருந்தால் மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் ஒரு சின்னச் சாய்கோடு போடுங்கள், அவ்வளவுதான்.