பெல்ட் வீடியோ விளம்பரம் மாதிரியே இருக்கிறது என்றால்

> "வேலூரில் தோல் பெல்ட் கடை. செய்து காட்டும் வீடியோ போட்டால் விளம்பரம் மாதிரியே இருக்கு. என்ன பேசுவது?"

முதல் வரியிலேயே பெல்ட்டின் குறையைச் சொல்லுங்கள். "இது தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், மேல்பூச்சு இல்லை. மழையில் நனைந்தால் கறை விழும், பாருங்க." ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது ஊறி அந்த இடம் கறுக்கும் வரை கேமராவை நிறுத்தாதீர்கள். பேசவும் வேண்டாம்.

அப்புறம் பக்கிள் திருகைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் வெட்டுமுனையைக் காட்டுங்கள். "ஓரத்தில் பெயிண்ட் அடித்திருக்கோம், அதனால் அங்கே ஒன்றும் தெரியாது. இங்கே பாருங்க, நார் நாரா இருக்கு. நடுவில் துணியோ அட்டையோ இல்லை." விலையைச் சொல்லி முடித்துவிடுங்கள்.

இப்போது 'சூப்பர் குவாலிட்டி' என்று சொல்லிவிட்டு, செய்து காட்டும் இடத்தில் வீடியோவை வெட்டி ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சந்தேகம் அங்கேதான் வரும்.

வீடியோவைப் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டி, "இந்த பெல்ட் யாருக்குச் சரிவராது?" என்று கேளுங்கள். "தினம் மழையில் வண்டி ஓட்டுறவங்களுக்கு" என்கிற மாதிரி பதில் வரவில்லை என்றால் முதல் வரியை மாற்றுங்கள்.

ஒன்று மட்டும்: "தண்ணீர் ஊறினால்தான் அசல் தோல்" என்று சொல்லிவிடாதீர்கள். மேல்பூச்சு உள்ள அசல் தோலிலும் சொட்டு உருண்டு ஓடிவிடும்.