தாமதமாக வாடகை தரும் கடைக்காரருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: கும்பகோணத்தில் எனக்கு மூன்று சிறிய கடைகள் உள்ளன. அவற்றில் ஒன்றைத் தையல் கடைக்கு மாதம் 14,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாத வாடகையையும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் 20ஆம் தேதிக்குப் பிறகுதான் தருகிறார். ஜூன் வாடகையில் 8,000 மட்டும் ஜூலை 21 அன்று வந்தது. ஜூலை வாடகை இன்னும் வரவில்லை. ஆகஸ்ட் 12ஆம் தேதியான இன்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "பலமுறை சொல்லியும் அலட்சியமாக இருக்கிறீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி. நாளைக்குள் தராவிட்டால் கரண்டைத் துண்டித்துக் கடையைப் பூட்டிவிடுவேன்." இதை அனுப்பலாமா? நல்ல வாடகைதாரர்தான், அவரை இழக்க விருப்பமில்லை.

பதில்: அனுப்ப வேண்டாம். கடுமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அதில் கணக்கும் தவறாக இருக்கிறது. "இரண்டு மாத வாடகை" என்றால் 28,000 ரூபாய். உங்களுக்கு வர வேண்டியதோ ஜூன் வாடகையில் மீதி 6,000, ஜூலை வாடகை 14,000, ஆக 20,000 ரூபாய்தான். ஏற்கெனவே கொடுத்த 8,000 ரூபாயை நீங்கள் மறந்துவிட்டதாக அவர் நினைத்தால், பேச்சு முழுவதும் அந்த எட்டாயிரத்தைச் சுற்றியே நடக்கும். மீதிப் பணம் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும். பாக்கிக் கணக்கில் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கேட்பவர் தரப்பு பலவீனமாகிவிடுகிறது.

மாதத்தின் பெயரிலும் ஒரு குழப்பம் வரும். "ஆகஸ்ட் வாடகை" என்று எழுதினால், ஆகஸ்டில் கொடுக்க வேண்டிய ஜூலை வாடகையா, செப்டம்பர் 5க்குள் தர வேண்டிய ஆகஸ்ட் வாடகையா என்று இரண்டு பொருள் கிடைக்கும். ஆகவே எந்த மாதத்திற்கான வாடகை, எந்தத் தேதியில் தந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கரண்டைத் துண்டிப்பேன், கடையைப் பூட்டுவேன் என்ற வாக்கியத்தை அடியோடு நீக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் நகர்ப்பகுதிக் கடைகளுக்கும் பொருந்துகிற 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் மின்சாரம், தண்ணீர் போன்ற அவசியமான வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. வெளியேற்றுவதற்கும் வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். நீங்கள் செய்ய முடியாத ஒன்றைச் செய்வேன் என்று எழுதி, அதை அவர் கையிலேயே ஆதாரமாகக் கொடுப்பானேன்? "அலட்சியம்" என்ற சொல்லும் போகட்டும். அதற்குப் பதில் சொல்லத்தான் அவருக்குத் தோன்றுமே தவிர, பணம் எடுக்கத் தோன்றாது.

மாற்றி எழுதினால் இவ்வளவு போதும்:

"வணக்கம். ஜூன் மாத வாடகையில் ஜூலை 21 அன்று தாங்கள் தந்த 8,000 ரூபாய் போக 6,000 ரூபாயும், ஆகஸ்ட் 5க்குள் தர வேண்டிய ஜூலை மாத வாடகை 14,000 ரூபாயும், ஆக மொத்தம் 20,000 ரூபாய் பாக்கி உள்ளது. இதை ஆகஸ்ட் 18க்குள் வழக்கமான வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே தவணையில் இயலாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு தருவீர்கள் என்பதை ஆகஸ்ட் 14க்குள் தெரிவியுங்கள். கணக்கில் தவறு இருந்தாலும் சொல்லுங்கள்."

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி இரண்டு வாக்கியங்கள். "நாளைக்குள்" என்ற கெடுவுக்கு முடியாது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு என்று கேட்டாலோ, அவரே ஒரு தேதியை எழுதித் தர வேண்டியிருக்கிறது. அப்படி எழுதும்போது பாக்கித் தொகையையும் ஒப்புக்கொண்டவர் ஆகிறார். தாமத வட்டி பற்றி ஒப்பந்தத்தில் வரி இருந்தால் அதைத் தனி வரியாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் உங்கள் கோபத்துக்கு ஏற்ப ஓர் அபராதத்தைக் கண்டுபிடிக்காதீர்கள். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் பதில் அனுப்பினால், அட்வான்ஸ் கடையைக் காலி செய்யும்போது கணக்குப் பார்ப்பதற்கானது என்று ஒரே வரியில் மறுத்துவிடுங்கள். மௌனமாக இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு பணம் வரும்போது ஒரு வேலை இருக்கிறது. ஆகஸ்ட் 16 அன்று எந்தக் குறிப்பும் இல்லாமல் 10,000 ரூபாய் ஜிபேயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, எந்தப் பாக்கிக்கு அந்தப் பணம் என்று கொடுப்பவர் சொல்லியிருந்தால் அதற்கே வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் பெறுபவர் முடிவு செய்யலாம். எனவே அன்றைக்கே, "10,000 ரூபாய் கிடைத்தது. 6,000 ஜூன் பாக்கிக்கும் 4,000 ஜூலை வாடகைக்கும் வரவு. ஜூலை மீதி 10,000" என்று பதில் அனுப்பிவிடுங்கள். "ஜூலை வாடகை" என்று அவர் குறிப்பிட்டு அனுப்பியிருந்தால் ஜூலையில் 4,000, ஜூனில் 6,000 மீதி என்று எழுத வேண்டும். மொத்தம் ஒன்றுதான் என்றாலும், ஆறு மாதம் கழித்து எந்த மாதம் தீர்ந்தது, எது நிற்கிறது என்ற சண்டை வரும்போது இந்தச் சிறு பதில்கள்தான் உதவும்.

அவர் எப்போதும் 20ஆம் தேதிக்குப் பிறகே தருகிறார் என்பதையும் கவனியுங்கள். மறதிக்காரர் ஒரு மாதம் 7ஆம் தேதியும் இன்னொரு மாதம் 25ஆம் தேதியும் தருவார்; ஒரே சமயத்தில் தாமதிப்பவருக்கு அந்தச் சமயத்தில்தான் கையில் காசு புரள்கிறது. பள்ளிச் சீருடையோ, துணிக்கடைகளுக்கான மாற்றுத் தையலோ எடுப்பவர் என்றால் கூலி மாதக் கடைசியில் வரக்கூடும். அப்படியானால் நினைவூட்டலை எவ்வளவு நயமாக எழுதினாலும் 5ஆம் தேதி பணம் வராது. பழைய பாக்கி தீர்ந்தபின், கெடுவை 22ஆம் தேதிக்கு மாற்றி இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்துடன் சேர்க்கலாம். உங்களுக்கு 5ஆம் தேதியே தேவை என்றால் 2ஆம் தேதி ஒரு வரி அனுப்புங்கள். கெடு கடந்தபின் அனுப்புவதைவிட அதை எழுதுவதும் எளிது, படிப்பதும் எளிது.

ஆகஸ்ட் 18 கடந்தும் பதிலே இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுக் கடிதத்திற்கு மாறுங்கள். இரண்டு மாத வாடகை பாக்கியை முழுமையாகத் தராதது வெளியேற்றம் கோருவதற்கான காரணங்களுள் ஒன்று. ஆனால் முறைப்படி கோரிக்கை அறிவிப்பு கொடுத்து, அது சேர்ந்த ஒரு மாதத்துக்குள்ளும் அவர் தராமல் இருந்தால்தான் அந்தக் காரணம் நிற்கும். அந்த அறிவிப்பு எழுத்தில், உங்கள் கையெழுத்துடன், தபாலிலோ நேரில் அவர் கையிலோ போய்ச் சேர வேண்டும். கடையில் நிற்கும் பையனிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தபால் ரசீதையும் கடித நகலையும் வாடகை ஒப்பந்தத்துடன் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அந்த நிலை வருமானால், கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.