பாட்டி சிரித்தால் சம்மதமா?

"கோவையில் சின்ன சலூன் வைத்திருக்கிறேன். ரீல்ஸ் பார்த்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். ஐந்து வயதுப் பையன் ட்ரிம்மரைப் பார்த்து அழுததை வீடியோவாகப் போட்டேன். கூட வந்த பாட்டி சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அவனுடைய அம்மா நீக்கச் சொல்லிச் சத்தம் போடுகிறார். 'இங்கு வீடியோ எடுக்கப்படும்' என்று வாசலில் போர்டு இருக்கிறதே! இனிமேல் 'அனுமதியுடன் எடுக்கப்பட்டது' என்று திரையில் போட்டால் போதுமா?"
– ஒரு வாசகர்

பேரன் தலையில் ட்ரிம்மர் ஓடும்போது பாட்டி சிரிக்காமல், எழுந்து சண்டையா போடுவார்? இன்ஸ்டாகிராமில் போடப்போவதாக அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தாலும் அவர் தலையாட்டியது செல்லாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் குழந்தை. சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். தன் வீட்டு விசேஷத்தைத் தனக்காகப் படமெடுப்பவருக்கு உள்ள விலக்கு, கடை விளம்பரத்துக்குக் கிடையாது. அந்தப் பிரிவுகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன என்று யாராவது உங்களைத் தேற்றுவார்கள். பெற்றவளைக் கேட்க அதுவரை காத்திருப்பீர்களா? பேரனுக்குச் சோறூட்டப் பாட்டிக்கு யாரையும் கேட்க வேண்டாம். அவன் அழுகையை ஊருக்குக் காட்ட அம்மாவைக் கேட்டே ஆக வேண்டும். இப்போது அந்த வீட்டில் பாட்டிதான் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பார், உங்களால்.

போர்டு தகவல் சொல்லும், அவ்வளவுதான். உள்ளே வந்தவர் முடிவெட்ட வந்தவர். கேமராவை எடுக்கும் முன்பே அம்மா அல்லது அப்பாவிடம் கேளுங்கள். இருவரும் இல்லையென்றால் எடுக்காதீர்கள். எடுத்த பிறகு, எடிட் செய்த வீடியோவை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி இப்படி எழுதுங்கள்:

"இன்று உங்கள் மகனுக்கு முடிவெட்டிய 20 விநாடி வீடியோ இது. எங்கள் சலூனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போடலாமா? முகம் தெரியும், பெயர் வராது. வேண்டாமென்றால் அழித்துவிடுகிறோம். போட்ட பிறகு மனம் மாறினாலும் இதே எண்ணில் சொல்லுங்கள், அன்றே நீக்குகிறோம்."

பதில் வரவில்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். சம்மதித்தால் பில்லில் தள்ளுபடி என்று ஆசை காட்டாதீர்கள். நிபந்தனையோடு வாங்குவது சம்மதமே இல்லை. வந்த பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

திரையில் எழுதும் வரி அதற்குப் பிறகுதான். 'அனுமதியுடன்' என்றால் யார் அனுமதி? "அம்மா பார்த்து ஒப்புக்கொண்ட பின் வெளியிட்டது" என்று போடுங்கள். ரீலின் அடியில் போட்டால் கேப்ஷன் மறைத்துவிடும். மேல்பாதியில், படிக்க நேரம் இருக்கும்படி வையுங்கள்.

சலூனில் எல்லோரும் கோட்டை விடும் இடம் கண்ணாடி. நாற்காலியில் இருப்பவரைக் கேட்டிருப்பீர்கள். பின்னால் பெஞ்சில் காத்திருப்பவர் முகம் அதில் அப்படியே விழும். அவரையும் கேளுங்கள், இல்லையென்றால் கேமராவைத் திருப்புங்கள். முகத்தை மங்கலாக்கினாலும், அவர் தலையைத் திருப்பும் நொடியில் மறைப்பு விலகும். சீருடையில் பள்ளி பேட்ஜ் இருந்தால், யாரென்று கண்டுபிடிக்க முகமே தேவையில்லை.

அந்த ரீலை இன்றே நீக்குங்கள். 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் வரை கிடக்கும், அங்கேயும் அழியுங்கள், போன் கேலரியிலும்தான். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். போர்டைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.