கற்பனை நாட்டின் மணவழக்கங்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கற்பனை ராஜ்யம் ஒன்றில் நடக்கும் காதல் தொடர்கதை எழுதுகிறேன். அந்த நாட்டார் காதலை எப்படித் தெரிவிப்பார்கள், மணம் எப்படிப் பேசுவார்கள் என்பதைப் புதிதாக அமைக்க வேண்டும். யோசித்தால் மோதிரம், மலர், நிலவொளி நடனம் என்றே வருகிறது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?

நான் முதலில் சடங்கை யோசிப்பதில்லை. அந்தச் சடங்கு ஏற்படுவதற்கு முன் அந்த நாட்டில் யார் யாரை ஏமாற்றினார்கள், ஏமாந்தவர் எதை இழந்தார் என்பதைத்தான் முதலில் எழுதிவைத்துக்கொள்வேன். தொல்காப்பியக் கற்பியலில் "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று வருகிறது. காதலித்தவன் பொய் சொன்னதும், சொன்ன சொல்லிலிருந்து வழுவியதும் நடந்த பிறகே திருமணச் சடங்கைப் பெரியோர் வகுத்தனர் என்பது அதன் பொருள். கற்பனை நாடு அமைக்கும் எழுத்தாளருக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு ஒன்றை நான் கண்டதில்லை. மோதிரமும் மலரும் உங்களுக்கு உயிரற்றவையாகத் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே: அவற்றுக்குப் பின்னால் எந்தப் பொய்யும் இல்லை, எந்த இழப்பும் இல்லை.

நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்ற வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காபியும் பலகாரமும் உண்டு, ஆனால் இலை போட்டுச் சாப்பாடு கிடையாது. சாப்பிட்டுவிட்டால் உறவு ஏற்பட்டதாக ஆகிவிடும், பிறகு வேண்டாம் என்பது அவமானமாகிவிடும். ஆக, இரு தரப்பும் மனம் நோகாமல் பின்வாங்குவதற்கு அந்த வழக்கம் இடம் வைத்திருக்கிறது. நீலகிரித் தோடர்களிடம், கருவுற்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் கணவன் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு உண்டு. சகோதரர்கள் பலர் ஒரே பெண்ணை மணக்கும் முறை இருந்த சமூகத்தில், பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் யார் என்ற கேள்விக்கு ஊர் அறிய விடை சொன்னது அந்த வில். இவற்றை அப்படியே எடுத்து நம் கதையில் ஒட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை. உயிரோடு இருக்கும் மக்களின் சடங்கு அது. ஆனால் ஒரு வழக்கம் எந்தக் கேள்விக்கு விடையாக நிற்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை இவற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் நாட்டையே விரிவாகச் சொல்கிறேன். நான் இருப்பது குடியாத்தம் பக்கம். ஆண்டின் பெரும்பகுதி பாலாறு இங்கே மணலாகத்தான் கிடக்கும். 2021 நவம்பரில் வந்ததுபோல் கரை நிறைய வெள்ளம் வருவது அபூர்வம். ஆனால் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆற்றுக்குள்ளேயே ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோவது வட ஆற்காட்டின் பழைய பாசன முறை. என் கதையின் நாட்டுக்கும் அப்படி ஓர் ஆற்றைக் கொடுத்தேன். கரந்தாறு என்று பெயரிட்டேன். அந்த நாட்டில் பொன்னுக்கும் நிலத்துக்கும் பெரிய மதிப்பில்லை. ஒரு வீட்டின் செல்வம் என்பது அதன் ஊற்றுக்காலில் நீர் பாய்ச்சிக்கொள்ள அதற்கு உரிமையுள்ள நாழிகைகள். அந்த உரிமை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஒவ்வொரு முறைக்கும் எட்டு நாழிகை உடைய ஒரு வீட்டில் ஒரு பெண் மணமாகிப் போனால், அவளோடு இரண்டு நாழிகை போகும். மூன்று பெண்கள் போனால் தாய்க்கு மிஞ்சுவது இரண்டு.

இந்த ஒரு கணக்கை வைத்தவுடன் அச்சங்கள் தாமாக வந்தன. பெண்ணின் தாய், நீரை வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறாள். பிள்ளை வீட்டார், இரண்டு நாழிகை என்று சொல்லி வற்றிப்போன ஊற்றைக் கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். இன்னொன்றும் உண்டு, இதை நான் திட்டமிடவில்லை, ஆற்றின் இயல்பே கொண்டுவந்தது. மேலே உள்ள ஊற்றுக்காலை இரண்டு நாழிகை அடைத்தால் அந்த நீர் கீழே உள்ள ஊற்றுக்காலுக்குத்தான் போகும். கீழே உள்ளவர் மேலே உள்ளவருக்கு நீர் கொடுக்க வழியே இல்லை. ஆகவே அந்த நாட்டில் மணப்பெண் எப்போதும் ஆற்றின் போக்கிலேயே போகிறாள். மேற்கே இருக்கும் வீடுகளுக்குக் கிழக்கே சம்பந்தம் கிடைக்கும். கிழக்கே கடைசியில் இருக்கும் வீட்டுப் பெண்ணை யாரும் கேட்டு வருவதில்லை. என் கதாநாயகி அந்தக் கடைசி வீட்டுக்காரி.

இதன் பிறகே சடங்கை அமைத்தேன். வெள்ளம் வடிந்து மணல் இறுகிய பிறகு, விருப்பமுள்ள ஆண் அந்தப் பெண் வீட்டாரின் மணல் பரப்பில் விடியற்காலையில் ஓர் ஊற்றுத் தோண்டுகிறான். ஆற்று மணலில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டியவர்களுக்குத் தெரியும், பக்கங்கள் சரிந்துகொண்டே இருக்கும். தனியாகத் தோண்ட முடியாது. மூங்கில் தட்டியை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். தட்டி பிடிப்பவர் பெண்ணின் உறவாகவோ தோழியாகவோதான் இருக்கலாம் என்று விதித்தேன். பழைய அகப்பாடல்களில் தோழிக்கு இருந்த இடம் இங்கே தட்டி பிடிக்கும் கையாக வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண் குடத்தோடு வந்து அந்த ஊற்றில் நீர் மொண்டால், அவன் அவளோடு பேச வரலாம் என்று பொருள். அவள் வரவில்லை என்றால் இரவுக்குள் மணல் தானாகக் குழியை மூடிவிடும். மறுநாள் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டத் தோண்டினேன் என்று அவன் சொல்லிக்கொள்ளலாம்.

மறுக்கும் வழி எளிதாக இருப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கற்பனை நாடுகளை எழுதும் பலர் வழக்கத்தைக் கொடுமையானதாக அமைத்தால் கதை சூடுபிடிக்கும் என்று நினைக்கிறார்கள். பெண்ணால் மறுக்கவே முடியாத நாட்டில் அவள் சம்மதம் வாசகருக்கு எதையும் உணர்த்தாது. வெறுமனே வராமல் இருந்தாலே போதும் என்ற நிலையில் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கரையை விட்டு இறங்கும்போதுதான், அந்த நடையை வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்.

மொண்ட நாளிலிருந்து ஒன்பது நாள் அவன் அந்த ஊற்றைச் சரியவிடாமல் காக்க வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளவும், கைகள் முதன்முதலில் படவும் கதைக்கு இடம் தருவது இந்த ஒன்பது நாள்தான். பத்தாம் நாள், ஊருக்கு நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி வந்து ஊற்றின் நீரை அளக்கிறார். வற்றிய ஊற்றைத் தலையில் கட்டும் பொய்க்கு அந்த அளவை விடை. ஒன்பது நாள் உழைப்பு, திருப்பி அனுப்பும் வழுவுக்கு விடை. இப்படி ஒவ்வொரு படிக்கும் அது தடுக்கும் ஏமாற்றைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எதையும் தடுக்காத படி இருந்தால் அது வெறும் அலங்காரம், நான் எடுத்துவிடுவேன்.

கதையின் முடிச்சுக்கு வில்லன் தேவைப்படவில்லை. கதாநாயகன் ஆற்றுக்கு மேலே உள்ள மலைநாட்டவன். அவர்களிடம் புளியும் தேனும் உண்டு, நீர் உரிமை இல்லை. அவன் ஊரில் ஆண் தந்ததைப் பெண் வாங்கிக்கொண்டால் மணம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் நீர் மொண்டபோது, பேச வரச் சொல்கிறாள் என்பது அவள் ஊர்க் கணக்கு; தன் மனைவியாகிவிட்டாள் என்பது அவன் ஊர்க் கணக்கு. மூன்றாம் நாள் அவன் தன் தாயை அழைத்துவர, ஒன்பது நாளை மதிக்காதவன் என்று அவள் வீடு அவனை விரட்டுகிறது. இருவருமே நேர்மையானவர்கள், இருவருமே தத்தம் ஊர் வழக்கத்தைச் சரியாகத்தான் பின்பற்றினார்கள். இதற்கு மேல் ஆற்றின் போக்கு வேறு குறுக்கே நிற்கிறது. அவள் நாழிகைகள் மலைக்கு ஏற முடியாது. அவன்தான் இறங்கி வந்து மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். அதை அவன் ஊர் இழிவாக நினைக்கும். முடிவில் அவன் எதை விட்டுக்கொடுக்கிறான் என்பது இங்கிருந்து வருகிறது.

மாயத்தில் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொய்யைக் கண்டுபிடிக்கும் மந்திரம் எளிதாகக் கிடைக்கும் நாட்டில் ஒன்பது நாள் காவல் எதற்கு, அளவை எதற்கு? என் நாட்டில் கரந்தாற்று நீர் பொய்யரை அறியும். ஆனால் கேட்கப்பட்ட ஊற்று அதோடு உப்பாகி, மறுபடி ஒருபோதும் இனிக்காது. ஆகவே ஒருவர் உண்மையை அறிய ஒரு வீடு தன் நாழிகைகளையே கொடுக்க வேண்டியிருக்கிறது. மிகுந்த சந்தேகத்தில் மட்டுமே அதைச் செய்வார்கள். கதையின் முக்கால் பகுதியில் அவள் அண்ணன் அதைக் கேட்கிறான், அவள் மறுக்கிறாள்.

எல்லாம் அமைத்த பிறகு நான் ஒரு சோதனை செய்வேன். நாயகன், நாயகியை ஒதுக்கிவைத்துவிட்டு, அதே வழக்கத்துக்குள் மூன்றாவதாக ஒருவரை நடத்திப் பார்ப்பேன். இந்தக் கதையில் ஒரு கைம்பெண்ணை நடத்தினேன். அவள் மறுமணம் செய்தால் அவளுடைய இரண்டு நாழிகையும் அவளோடு இன்னும் கீழே போய்விடும். எனவே கொழுந்தன்மார் அவள் பகுதியில் யாரும் தோண்டாதபடி இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் அது அண்ணியின் மீதுள்ள மரியாதை. தட்டி பிடிக்க அவளுக்கு ஆளும் இல்லை. நான் எழுதிய அழகான வழக்கம் யாரை நசுக்குகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கதையின் இரண்டாவது இழையும் கிடைத்தது. மூன்றாவது ஆளை நடத்தியும் எதுவும் உரசவில்லை என்றால், வழக்கம் நாயகன், நாயகிக்காக மட்டும் செய்யப்பட்டது என்று பொருள். வாசகர் அதை உடனே உணர்ந்துவிடுவார்.

கதையின் பக்கங்களில் இதையெல்லாம் விளக்காதீர்கள். 'எங்கள் நாட்டு வழக்கப்படி' என்று ஒரு பாத்திரம் தன் ஊர்க்காரரிடமே சொல்கிற வரி வந்தால் அடித்துவிடுங்கள். ஊரில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். நாயகிக்கு ஊற்றுத் தோண்டப்படுவது ஐந்தாம் அத்தியாயம் என்றால், முதல் அத்தியாயத்திலேயே வேறு ஒருவனின் குழி மூடட்டும்: பாதி சரிந்த குழியைத் தாண்டி நாயகியும் அவள் அத்தையும் நடக்கிறார்கள், அவள் யாருடையது என்று கேட்க வாயெடுக்கிறாள், அத்தை அவள் கையைக் கிள்ளி நெல் விலையைப் பேசத் தொடங்குகிறாள். கேட்கக்கூடாது என்பதும், அது ஓர் ஆணின் குழி என்பதும், வராத பெண் ஒருத்தி ஊரில் இருக்கிறாள் என்பதும் இவ்வளவில் வாசகருக்குப் புரிந்துவிடும். ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகி குடத்தைத் தேடும்போது நீங்கள் ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்காது.