ஒரே சாதகம், மூன்று சாத்திரிமார், மூன்று பதில்: செவ்வாய் எண்ணுவது பற்றிய கேள்வி பதில்

கடந்த கிழமை செவ்வாய் குற்றம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நின்றன, அதனால் அந்த இடத்திலேயே நின்று பதில் சொல்கிறேன்.

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய்: மகளுக்குப் பேச்சுக்கால் வந்திருக்கு ஐயா. எங்கட சாத்திரியார் செவ்வாய் இல்லை என்கிறார். மாப்பிள்ளை பகுதியின் சாத்திரியார் எட்டில் செவ்வாய், கூடாது என்கிறார். மூன்றாவதாக ஒருவரிடம் போனோம், இருக்கு, ஆனால் பாதிக்காது என்றார். யார் பிழை? சாதகம்: துலா இலக்கினம், விருச்சிக ராசி, மிதுனத்தில் செவ்வாய், இடபத்தில் சூரியனும் சுக்கிரனும். வைகாசி விசாகத்துக்கு மறுநாள் பின்னேரம் நாலு மணிபோலப் பிறந்தவள்.

அம்மா, மூன்று பேரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம். நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். துலாத்தை ஒன்று என்று வைத்தால் மிதுனம் ஒன்பதாவது வீடு. ஒன்பதில் செவ்வாய் இருந்தால் குற்றமென்று எந்த முறையும் சொல்லாது. உங்கட சாத்திரியார் இலக்கினத்தோடு நிறுத்திவிட்டார், அதனால் இல்லை என்றார். அடுத்து சந்திரன் நிற்கும் விருச்சிகத்தை ஒன்று என்று வையுங்கள். மிதுனம் எட்டாவதாக வரும். அவர்கள் சொன்ன எட்டு இதுதான், சந்திரனிலிருந்து எட்டு. பிறகு சுக்கிரன் நிற்கும் இடபத்திலிருந்து எண்ணினால் செவ்வாய் இரண்டில். அதுவும் குற்றமான வீடு. ஆனால் இரண்டாம் வீடு மிதுனமோ கன்னியோ ஆனால் அங்குள்ள செவ்வாய் குற்றம் செய்யாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. மூன்றாமவர் மூன்று இடத்திலிருந்தும் எண்ணி, விலக்கையும் பார்த்து, சந்திரனிலிருந்து வருவதைப் பாதிக் கணக்காக எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

என் அபிப்பிராயம் மூன்றாமவர் பக்கம். மாப்பிள்ளையின் சாதகத்தையும் அனுப்புங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

சாவகச்சேரி, இளைஞர்: செவ்வாய் 2, 4, 7, 8, 12இல் இருந்தால் தோஷம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஒன்றாம் வீட்டைச் சேர்க்கிறவர்கள் வடநாட்டாரைப் பார்த்துக் குழப்புகிறவர்கள்.

பாதி சரி, தம்பி. எங்கட பக்கத்துப் பழக்கம் நீர் சொன்ன ஐந்து வீடுகள்தான். ஆனால் ஒன்றைச் சேர்க்கிறவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. இந்தத் தோஷத்துக்கு எல்லாரும் காட்டும் வடமொழிச் சுலோகம் இரண்டு பாடமாக வழங்குகிறது. ஒன்று ‘தனே’ என்று தொடங்கும், அதாவது இரண்டாம் வீடு. மற்றது ‘லக்னே’ என்று தொடங்கும், அதாவது முதலாம் வீடு. மீதி 4, 7, 8, 12 இரண்டு பாடத்திலும் ஒன்றுதான். முதற் சொல் மாறியதால் ஒரு வீடே மாறிப்போனது. இரண்டையும் விட மனமில்லாதவர்கள் ஆறு வீடாக எண்ணுகிறார்கள்.

யோசித்தால் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. செவ்வாய்க்குத் தான் நிற்கும் இடத்திலிருந்து 4, 7, 8 ஆகிய வீடுகளில் பார்வை. ஒன்றில் நின்றால் துணையின் வீடான ஏழையும் மாங்கல்யத்தின் வீடான எட்டையும் ஒருசேரப் பார்க்கும். அப்படியானதை எப்படி விடுவது என்பது அவர்கள் வாதம். இரண்டில் நின்றால் எட்டை மட்டும்தான் பார்க்கும். ஆனால் இரண்டு குடும்பமும் வாக்கும் சொல்லும் வீடு. வீட்டுக்குள் சுடுசொல் வந்தால் பிறகு என்ன இருக்கிறது என்பது எங்கட ஆட்களின் வாதம். நான் இரண்டைத்தான் எண்ணுகிறேன், என் பேரனார் அப்படித்தான் பழக்கினார். ஒன்றை எண்ணுகிறவரைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

வட்டுக்கோட்டை: நான் பிறந்ததே செவ்வாய்க்கிழமை. அதுவும் சேர்ந்தால் தோஷம் கூடுமா? வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள்.

கூடாது, பிள்ளை. கிழமைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. கட்டத்தில் செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

நல்லூர்: ஒரு இடத்திலிருந்து எண்ணினால் போதாதா? ஏன் மூன்று?

பலரும் சொல்லும் விளக்கம், இலக்கினம் உடம்பு, சந்திரன் மனம், சுக்கிரன் கலியாணத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் உரிய கிரகம் என்பது. அது சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறிவிடும். சந்திரன் ஒரு ராசியில் இரண்டே கால் நாள் நிற்கும். சுக்கிரன் சாதாரணமாக ஒரு மாதம்போல நிற்கும். பிறந்த நேரம் அரை மணித்தியாலம் பிசகினாலே இலக்கினம் ஏமாற்றலாம். சந்திரனும் சுக்கிரனும் அவ்வளவு இலேசில் ஏமாற்றாது.

ஆனால் மூன்றையும் ஒரே நிறையில் எண்ணினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பன்னிரண்டு வீட்டில் ஐந்து குற்றமான வீடு. இலக்கினத்திலிருந்து மட்டும் எண்ணினால் நூறு பேரில் 42 பேருக்குச் செவ்வாய் இருக்கும். மூன்றிலிருந்தும் எண்ணி, எதிலாவது வந்தால் தோஷம் என்றால் தோராயமாக 80 பேருக்கு வந்துவிடும். ஆறு வீட்டு முறையில் எண்ணினால் 87க்கும் மேல். ஊரில் ஐந்தில் நாலு பேருக்கு இருப்பதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் பழையவர்கள் இலக்கினத்துக்கு முழுது, சந்திரனுக்குப் பாதி, சுக்கிரனுக்குக் கால் என்று நிறை போட்டார்கள். விலக்குகளும் அதற்காகத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: நீங்கள் சொல்லும் நிறை தலைகீழ். இலக்கினத்திலிருந்து வருவது மெல்லியது, சந்திரனிலிருந்து வருவது அதைவிடக் கூட, சுக்கிரனிலிருந்து வருவதுதான் கடுமை. களத்திரகாரகனே சுக்கிரன் அல்லவா? நான் நாற்பது வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன்.

மாஸ்டர், நீங்கள் சொல்லும் வரிசையும் வழக்கில் உள்ளதுதான், மறுக்கவில்லை. களத்திரகாரகனிலிருந்து எண்ணுவதற்கு முதலிடம் கொடுப்பதில் நியாயமும் இருக்கிறது. எனக்குள்ள தடை இதுதான். சுக்கிரன் ஒரு ராசியில் ஒரு மாதம் நிற்க, செவ்வாய் அனேகமாக ஒன்றரை மாதம் நிற்கும். அந்த இரண்டும் அப்படித் தத்தம் ராசியில் நிற்கும் நாட்களில் உலகத்தில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் சுக்கிரனிலிருந்து ஒரே தோஷம். அதை ஒருத்தியின் தனிப்பட்ட கடுமையான குற்றம் என்று எப்படி எடுப்பது? உங்களிடம் இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள், உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

இதில் எனக்குச் சொந்த நோவும் இருக்கிறது. என் தமக்கையாருக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் சுக்கிரனிலிருந்து பன்னிரண்டில் செவ்வாய் என்ற ஒரே காரணத்தால் குழம்பியது. இலக்கினத்திலும் சந்திரனிலும் ஒன்றுமில்லை. எதிலிருந்து எண்ணினது என்று அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. குறிப்பின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ‘செ. 12’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கனடாவில் இருந்து: மகன் 1999 ஆவணி 3ஆம் நாள் காலை 6.10க்குப் புதுக்குடியிருப்பில் பிறந்தவர். ஊரில் எழுதிய குறிப்பில் சிங்க இலக்கினம், செவ்வாய் மூன்றில். இங்கே கணினியில் போட்டால் கடக இலக்கினம், நாலில் செவ்வாய் என்று வருகிறது. கணினிதானே சரியாக இருக்கும்?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள் தம்பி. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்ப வந்தது. ஆனால் வன்னியில் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே பழைய நேரமே ஓடியது. கணினி கொழும்பு நேரத்தைத்தான் எடுக்கும். நீங்கள் 6.10 என்று போட, அது பழைய நேரப்படி 5.40 என்று எடுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அந்தப் பக்கத்தில் சூரிய உதயம் பழைய நேரப்படி ஆறு மணியளவில். ஆவணி பிறந்து மூன்றாம் நாள் என்பதால் சூரியன் சிங்கத்தின் தொடக்கத்தில் நிற்கிறது. உதயத்துக்குப் பத்து நிமிடம் பிந்திப் பிறந்தால் சிங்க இலக்கினம், இருபது நிமிடம் முந்திப் பிறந்தால் கடகத்தின் கடைசி. செவ்வாய் துலாத்தில். கடகத்திலிருந்து நாலு, சிங்கத்திலிருந்து மூன்று. அந்த அரை மணித்தியாலம்தான் உங்கள் மகனுக்குச் செவ்வாயைக் கொண்டுவந்தது. வீட்டில் எழுதி வைத்த நேரம் வன்னி நேரமென்றால் ஊர்க் குறிப்புத்தான் சரி. ஆஸ்பத்திரித் துண்டிலிருந்து எடுத்த நேரமென்றால், அங்கே எந்த மணிக்கூடு ஓடியது என்று தாயிடமோ பேரனாரிடமோ கேளுங்கள். பிள்ளை பிறந்தபோது வெளிச்சம் வந்துவிட்டதா, பொழுது ஏறிவிட்டதா என்றும் கேளுங்கள். அது மணிக்கூட்டை விட நல்ல சாட்சி.

இன்னொன்று. செவ்வாய் அன்று துலாத்தின் கடைசிப் பாகைகளில் நின்றது. இப்படி எல்லையில் நிற்கும்போது வாக்கியமும் திருக்கணிதமும் வேறு வேறு ராசி காட்டலாம். எந்தப் பஞ்சாங்கத்தில் கணித்தது என்பதையும் குறித்து வையுங்கள். கடக இலக்கினமே என்றாலும் பயப்பட அதிகமில்லை. அந்த இலக்கினத்துக்குச் செவ்வாய் யோககாரகன், பலர் அதைக் குற்றமாக எடுப்பதில்லை.

கொழும்பு: விளம்பரங்களில் கிரகபாவம் 28, 31 என்று போடுகிறார்களே, அதுவும் செவ்வாய்தானா?

செவ்வாய் மட்டுமில்லை. சூரியன், சனி, இராகு, கேதுவையும் இப்படி எண்ணிப் போடும் கூட்டுத்தொகை அது. புள்ளி போடும் முறை ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு சாதகத்துக்கும் ஒரே ஆள் போட்ட பாவத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

திருநெல்வேலி, மாணவி: செவ்வாய் இருந்தால் துணை இறப்பார் என்பது நிரூபணமான விஷயமா?

இல்லை, பிள்ளை. சுலோகம் அப்படிச் சொல்கிறது, அதை நிரூபித்த கணக்கு எதையும் நான் கண்டதில்லை. நான் பார்த்த குறிப்புகளில் எட்டில் செவ்வாயோடு பேரப்பிள்ளை கண்ட தம்பதிகள் நிறைய. செவ்வாய் சூடு, பிடிவாதம் என்று சொல்லித்தான் பொருத்தம் பார்க்கிறேன். சாவு என்ற சொல்லை என் வாயால் எடுப்பதில்லை.

கோண்டாவில் தாய், மறுபடி: மாப்பிள்ளையின் சாதகம் கிடைத்தது. மகர இலக்கினம், மிதுன ராசி, கன்னியில் செவ்வாய், துலாத்தில் சுக்கிரன். அவருக்குச் செவ்வாய் இல்லையென்று எழுதியிருக்கு.

எதிலிருந்து இல்லை என்று பார்ப்போம் அம்மா. மகரத்திலிருந்து கன்னி ஒன்பது, குற்றமில்லை. உங்கட மகளுக்கும் இலக்கினத்திலிருந்து ஒன்பதுதான். சந்திரன் நிற்கும் மிதுனத்திலிருந்து எண்ணினால் கன்னி நாலு, அது குற்றமான வீடு. துலாத்துச் சுக்கிரனிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு, அதுவும் அப்படியே. பன்னிரண்டுக்குச் சொல்லும் விலக்கு இடபத்துக்கும் துலாத்துக்கும்தான், கன்னிக்கு இல்லை. அப்படிப் பார்த்தால் அவருக்கு உங்கள் மகளை விடச் சற்றுக் கூடவே இருக்கிறது.

அவர்கள் மாப்பிள்ளைக்கு இலக்கினத்திலிருந்து மட்டும் எண்ணிவிட்டு, மகளுக்குச் சந்திரனிலிருந்தும் எண்ணியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. அவருடைய குறிப்பு வேறொருவர் எழுதியதாக இருக்கும், ‘செவ்வாய் இல்லை’ என்ற வரியை அப்படியே எடுத்திருப்பார்கள். எட்டை நாலை விடக் கடுமையாக எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்காமல் சொல்கிறேன். தரகரை அனுப்பாமல் நீங்களே இரண்டு குறிப்பையும் கொண்டுபோய் அவர்களுடைய சாத்திரியார் முன்னால் வைத்து, இரண்டையும் மூன்று இடத்திலிருந்தும் எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.